கடன் நீக்கிய பீட்டாவும் அயல்துறைத் திட்டத்தின் தள்ளுபடி வீதமும்

சிமென்ட் நிறுவனம் ஒன்று ஹோட்டல் தொழிலில் இறங்க எண்ணும்போது, அத்திட்டத்தின் வருங்கால வரவுகளை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் தள்ளுபடி வீதத்தைத் தன் பங்கின் பீட்டாவைக் கொண்டு கணிப்பது தவறாகும். சந்தையின் ஏற்ற இறக்கத்தோடு ஒரு பங்கு எந்த அளவுக்கு அசைகிறது என்பதைச் சொல்லும் அந்த எண்ணில் அடங்கியிருப்பது சிமென்ட் தொழிலின் இடரே. பட்டியலிடப்பட்ட ஹோட்டல் நிறுவனங்களின் பீட்டாவையும் அப்படியே எடுத்தாள முடியாது; தொழிலின் இடரோடு, அவை வாங்கிய கடனால் பங்குதாரர்மீது ஏறிய இடரும் அதில் கலந்திருக்கிறது.

இவ்விரண்டையும் பிரிக்கும் வழியை ராபர்ட் ஹமாடா 1972இல் வெளியிட்ட கட்டுரை வகுத்துத் தந்தது. பங்கு பீட்டாவை 1 + (1 − t) × D/E என்பதால் வகுத்தால் கடன் நீங்கிய பீட்டா கிடைக்கும்; இதில் t வரி வீதத்தையும், D/E கடனுக்கும் பங்கின் சந்தை மதிப்புக்கும் உள்ள விகிதத்தையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக, ஹோட்டல் நிறுவனங்களின் சராசரிப் பீட்டா 1.40, கடன் விகிதம் 0.8, வரி 25% எனக் கொண்டால், 1.40ஐ 1.6ஆல் வகுக்க 0.875 வரும். புதிய திட்டத்தின் கடன் விகிதம் 0.4 என்றால், அதை 1.3ஆல் பெருக்க 1.14 ஆகும். இடரற்ற வட்டி 7%, சந்தை இடருக்கான கூடுதல் வருவாய் 6% என்ற நிலையில் பங்குதாரர் எதிர்பார்க்கும் வருவாய் ஏறத்தாழ 13.8%; சிமென்ட் நிறுவனத்தின் பீட்டா 0.7 என்றால் அதன்வழி கிடைப்பது 11.2% மட்டுமே. ஏற்கத் தகாத திட்டத்தை ஏற்கச் செய்ய இந்த இடைவெளி போதும் என்பதால், இம்முறையின் தேவையில் ஐயமில்லை.

ஆயினும், கடன் கொடுத்தவருக்குச் சந்தை இடரே இல்லை என்ற கருதுகோள் இச்சூத்திரத்துக்குள் மறைந்திருக்கிறது. கடன் குறைவாக உள்ள நிறுவனங்களில் இதனால் பெரிய பிழை நேராது. கடன் விகிதம் 3, பங்கு பீட்டா 2.0 என்றுள்ள நிறுவனத்திலோ நிலைமை வேறு. சூத்திரம் தரும் தொழில் பீட்டா 0.62, கடனுக்கும் 0.3 பீட்டா உண்டு என ஒப்புக்கொண்டு கணித்தால் அது 0.82 ஆகிறது. கடன்பட்டுத் தத்தளிக்கும் நிறுவனங்களை ஒப்பீட்டுக்குச் சேர்த்தால், தொழிலின் இடர் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். அந்நிறுவனங்களின் கடன் பத்திரங்கள் அரசுப் பத்திரங்களைவிட மிக உயர்ந்த வருவாய் தருவது இதற்கான எச்சரிக்கை. கடன் நீக்கும் விகிதமும் மீண்டும் ஏற்றும் விகிதமும் அருகருகே இருந்தால் பிழை பெரும்பாலும் தானே கழிந்துவிடும். ஆகவே திட்டத்தின் கடன் விகிதத்தை ஒட்டிய நிறுவனங்களைத் தேர்வதே, சூத்திரத்தைத் திருத்த முயல்வதைவிடப் பயனுள்ள முன்னெச்சரிக்கை.

ஹோட்டல் துறையில் குத்தகையும் கவனத்துக்குரியது. கட்டடங்களை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் நிறுவனத்தின் வாடகைக் கடப்பாடு இயல்பில் கடனே. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள Ind AS 116 அதன் பெரும்பகுதியை இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாகக் காட்டச் செய்கிறது. அதனை D-யில் சேர்க்காமல் விட்டால், குத்தகையால் ஏறிய இடர் தொழிலின் இடராகக் கணக்கில் நின்றுவிடும். சொந்தக் கட்டடத்தில் நடத்தவிருக்கும் திட்டத்துக்கு அந்தப் பீட்டா தேவைக்கு மிஞ்சிய வீதத்தைச் சுமத்தும்.