தலைக்கு எண்ணெயா, முடிக்கு எண்ணெயா?

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை காலையானால் ஆயாவுக்கும் பேத்திக்கும் ஒரு சின்ன வாக்குவாதம் நடக்கும். ஆயா திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். எழுபதைத் தாண்டிய பிறகும் வாரம் தவறாமல் நல்லெண்ணெய் காய்ச்சித் தலைக்கு வைத்துக்கொள்பவர். பேத்தி நாகவாராவில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளுடைய குளியலறை அலமாரியில் ஷாம்பூ, கண்டிஷனர், இறந்த தோலை உரிக்கும் திரவம், ரோஸ்மேரி சீரம் என்று வரிசையாக நிற்கின்றன. பேத்திக்குப் பொடுகு. வாக்குவாதம் அதில்தான் தொடங்கும்.

"காஞ்சு போயிருக்கு கண்ணு, அதான் செதில் செதிலா உதிருது. நாலு வாரம் எண்ணெய் வெச்சா அடங்கிடும்."

"எண்ணெய் வெச்சா இன்னும் அரிக்குது ஆயா."

பழமையா புதுமையா என்று பார்த்தால் இந்த வழக்கில் தீர்ப்பு வராது. இருவரும் இரண்டு பொருளை ஒன்றாக எண்ணிக்கொண்டு பேசுகிறார்கள். தலையில் இருப்பது தோல். அது உயிருள்ளது, எண்ணெயைத் தானே சுரக்கும், நோய்ப்படும், ஆறும். அதிலிருந்து நீளும் முடி உயிரற்ற நார். மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிற கணக்கில், இடுப்பு வரை தொங்கும் பின்னலின் நுனி ஐந்தாறு வயதான பொருள். தோலுக்கு நல்லது நாருக்கு நல்லதாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

ஆயாவின் முறையை முதலில் பார்ப்போம். இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயை ஊற்றி நாலு மிளகு போட்டுச் சூடேற்றுவார். மிளகு பொரிந்ததும் இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டில் உச்சியில் வைத்து, பிறகு வகிடு வகிடாகப் பிரித்துத் தேய்ப்பார். அரை மணி நேரம் ஊற விட்டு, வடித்த கஞ்சியில் குழைத்த சீயக்காயைப் போட்டு வெந்நீரில் அலசுவார். சீயக்காயில் பச்சைப்பயறும் வெந்தயமும் சேர்த்துத்தான் அரைப்பது. சாமான் கிரந்திகை அங்கடியில் வாங்குவது. முடிந்ததும் சாம்பிராணிப் புகை. அன்று மிளகு ரசம் உண்டு, பகல் தூக்கம் கிடையாது.

இந்த முறையில் நாருக்குக் கிடைக்கும் லாபத்துக்கு ஆய்வுச் சான்று உண்டு. முடி நனையும்போது உப்பும், காயும்போது சுருங்கும். ஒவ்வொரு முறையும் இப்படி உப்பிச் சுருங்குவதில் மேல் செதில்கள் தூக்கிக்கொண்டு உள்ளிருக்கும் புரதம் கழுவிப் போகிறது. 2003ல் மும்பையில் ரேலே, மொஹிலே என்ற இரு ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் தடவிச் சோதித்தார்கள். தலை கழுவுவதற்கு முன் தடவினாலும் பின் தடவினாலும், புரத இழப்பைக் கணிசமாகக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. அதில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. அதனால் முடித்தண்டுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொள்கிறது. தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நடந்த வேலை இது என்பதையும் மனதில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஆனாலும் காரணம் தெளிவாக இருக்கிறது, நம்பலாம்.

இதில் ஆயாவுக்கு ஒரு சங்கடம் உண்டு. அந்தச் சோதனையில் நல்லெண்ணெய் இல்லை. நல்லெண்ணெயில் பெரும்பகுதி ஒலீயிக், லினோலீயிக் அமிலங்கள். அந்த வகையில் அது தேங்காயெண்ணெயைவிடச் சூரியகாந்திக்கே நெருங்கிய சொந்தம். எனவே தேங்காயெண்ணெய் வாங்கிய மதிப்பெண்ணை நல்லெண்ணெய்க் கணக்கில் எழுத முடியாது. மேலே படிந்து வழவழப்புத் தரும், சிக்கெடுக்கும்போது முடி அறுந்துபோவதைக் குறைக்கும். அந்த அளவோடு நிறுத்திக்கொள்வது நியாயம்.

சீயக்காய்க்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், அதுவும் பெங்களூரில். இந்தப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கிற வீடுகளில் வாளியின் உட்புறத்தில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்க்கலாம். அந்தச் சுண்ணாம்புத் தண்ணீரில் சோப்புக் கட்டியால் தலை தேய்த்தால் கால்சியமும் சோப்பும் சேர்ந்து பிசுக்காக முடியில் ஒட்டும். சீயக்காயின் நுரை சப்போனினால் வருவது, அது கால்சியத்தோடு சேர்ந்து திரிவதில்லை. ஆனால் இன்றைய ஷாம்பூவும் பெரும்பாலும் அப்படியே. பேத்தி இந்த ஒரு விஷயத்தில் ஆயாவிடம் தோற்கவில்லை. சீயக்காயின் உண்மையான குறை வேறு. சரியாகச் சலிக்காத பொடி தோலைக் கீறும், கண்ணில் பட்டால் உயிர் போகும், அலசியும் போகாத துணுக்குகள் காய்ந்து தோளில் உதிரும். அதைப் பொடுகென்று நினைத்து அடுத்த வாரம் கூடுதலாக எண்ணெய் வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி தோலுக்கு வருவோம். ஆயாவின் முறை சறுக்குவது இங்கேதான்.

பொடுகு என்பது பெரும்பாலும் வறட்சியால் வருவதில்லை. எல்லார் தலையிலும் மலசீசியா என்ற பூஞ்சை இருக்கிறது. கொழுப்பைத் தானாகத் தயாரிக்கத் தெரியாததால் தோல் சுரக்கும் எண்ணெயைத் தின்றே வாழ்கிறது. தின்ற மிச்சமாக ஒலீயிக் அமிலத்தை வெளியே விடுகிறது. சிலருடைய தோலுக்கு அந்த அமிலம் ஆகாது. எரிச்சலில் தோல் அவசரமாகப் புதுப்பித்துக்கொண்டு பழையதைக் கற்றையாக உதிர்க்கிறது. அதுதான் பொடுகு. ஆய்வுக்கூடத்தில் இந்தப் பூஞ்சையை வளர்க்க வேண்டுமானால் தட்டின் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவது வழக்கம். ஆயா வெள்ளிக்கிழமைதோறும் பேத்தியின் உச்சியில் ஏறத்தாழ அதே உபசாரத்தைச் செய்து, கூடவே ஒலீயிக் அமிலத்தையும் தன் கையால் பரிமாறுகிறார்.

ஆனால் ஆயா பொய் சொல்லவில்லை. எண்ணெய் வைத்த அன்று செதில் தெரியாது, ஏனென்றால் எண்ணெயில் நனைந்து தோலோடு ஒட்டிக்கொள்கிறது. அரிப்பும் கொஞ்ச நேரம் அடங்கும். இரண்டு மூன்று நாளில் திரும்பி வரும், முன்னைவிடத் தடிப்பாக. எது வறட்சி, எது பொடுகு என்று வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். வறட்சியில் உதிர்வது மெல்லிய வெள்ளைத் தூள். கையும் காலும் சேர்ந்தே வறண்டிருக்கும், அடியில் தோல் சிவந்திருக்காது. பொடுகில் செதில் பெரிதாக, லேசான மஞ்சளாக, நகத்தில் மெழுகுபோல் ஒட்டும். புருவத்திலும் மூக்கோரத்திலும் அதே சிவப்பும் செதிலும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பேத்திக்கு மூக்கோரத்தில் இருந்தது.

அவளுடைய முறையில் சரியான மருந்து ஒன்று இருக்கிறது: 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்பூ. பூஞ்சையை நேரடியாகக் குறைப்பது அதுதான். ஆனால் நுரை வந்ததும் அலசிவிடுகிறாள். அந்த மருந்து தோலில் 3 முதல் 5 நிமிடம் இருந்தால்தான் வேலை செய்யும். வாரம் இரண்டு முறை, 2 முதல் 4 வாரம், பிறகு திரும்பி வராமலிருக்க வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒரு முறை. அவள் அரை நிமிடத்தில் கழுவிவிட்டு, "மருந்து வேலை செய்யல" என்று தோல் உரிக்கும் திரவத்தைச் சேர்த்தாள், அதில் எரிச்சல் வந்ததும் ஆற்றுவதற்கு இன்னொரு புட்டி வாங்கினாள். இந்த நவீன முறையின் பெரிய வியாதியே இதுதான். ஒவ்வொரு புட்டியும் முந்தைய புட்டியின் பக்கவிளைவுக்கு மருந்தாக வந்து சேருகிறது. மருந்து ஷாம்பூவை முடியின் நீளம் முழுக்கப் பூசித் தேய்ப்பதால் நுனி தேங்காய் நார்போல் ஆகிவிட்டதும் உண்மை. தோலுக்கான மருந்தை நாருக்குப் போட்டாள். ஆயாவோ நாருக்கான எண்ணெயைத் தோலுக்குப் போட்டார்.

ரோஸ்மேரி சீரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2015ல் ஈரானில் 100 பேரிடம் ரோஸ்மேரியையும் 2 சதவீத மினாக்ஸிடிலையும் ஆறு மாதம் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தந்தன. விளம்பரங்கள் அதோடு நிறுத்திக்கொள்ளும். 2 சதவீதம் என்பது மினாக்ஸிடிலின் மென்மையான அளவு என்பதையும், எதுவும் போடாத மூன்றாவது குழு அதில் இல்லை என்பதையும் சொல்வதில்லை.

கணக்கில் ஆயாவின் பக்கம் சேர்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது, அது எண்ணெயைச் சேர்ந்ததல்ல. வாரம் ஒரு முறை இன்னொருவர் வெளிச்சத்தில் உட்கார வைத்து, வகிடு பிரித்து, தலையைப் பார்க்கிறார். புழுவெட்டின் முதல் வட்டம் பல நேரங்களில் பின்மண்டையில், கண்ணாடிக்கு எட்டாத இடத்தில் விழும். பேன், புண், கட்டி எல்லாம் இப்படித்தான் அகப்படும். எத்தனை புட்டி வைத்திருந்தாலும் பேத்தியின் முறையில் அவளுடைய பின்தலையைப் பார்க்க ஆள் இல்லை.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். எண்ணெய் சிந்திய டைல்ஸ் தரையில் எழுபது வயதில் தனியாகக் குளிப்பது இடுப்பெலும்போடு விளையாடுவது. கைக்குழந்தைக்குக் காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடும் வழக்கத்தை எந்தப் பாரம்பரியத்தின் பெயராலும் காப்பாற்றக் கூடாது. மூக்கில் விட்டது நுரையீரலுக்குப் போய் நிமோனியா வந்ததுண்டு. தண்ணீர்ச் செலவும் இருக்கிறது. 2024 கோடையில் நகரமே டேங்கருக்குக் காத்திருந்தபோது, எண்ணெய்ப் பிசுக்குப் போக வாளி வாளியாக வெந்நீர் ஊற்றுவதை நினைத்தும் பார்க்க முடியவில்லை.

கடைசியில் அந்த வீட்டில் ஒரு ஏற்பாடு வந்தது. வாரம் இரண்டு நாள் மருந்து ஷாம்பூ, தோலில் மட்டும், ஐந்து நிமிடம். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு காதுக்குக் கீழே உள்ள முடிக்கு மட்டும் தேங்காயெண்ணெய். தோல் உரிக்கும் திரவம் நிறுத்தம். "உச்சியில வெக்காத எண்ணெய் என்னடி எண்ணெய்?" என்று ஆயா முனகினாலும் வகிடு பிரித்துப் பார்ப்பதை விடவில்லை. மூன்றாவது வாரத்தில் மூக்கோரச் சிவப்பு அடங்கியது.

முடி கொட்டுவது மட்டும் நிற்கவில்லை, அவளை உண்மையில் பயமுறுத்தியதும் அதுதான். தினமும் ஐம்பது முதல் நூறு முடி விழுவது இயல்பு. அவளுக்குச் சீப்பு நிறைய வந்தது. விழுந்ததில் பலவற்றின் நுனியில் சின்ன வெள்ளை முண்டு இருந்தது. அப்படியிருந்தால் அது வேரோடு விழுந்த முடி, இடையில் முறிந்த முடி அல்ல. மூன்று மாதம் முன்பு அவளுக்கு டெங்கு வந்து போயிருந்தது. கடுமையான காய்ச்சலின்போது வளர்ச்சியில் இருக்கும் முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக விழுகின்றன. பிறகு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தாமாகவே அடங்கும். அந்த ஆறு மாதத்தில் எதைத் தடவினாலும் பேர் அதற்குப் போய்விடும். நல்லெண்ணெய்க்கும் சீரத்துக்கும் கிடைத்திருக்கிற நற்பெயரில் எவ்வளவு இப்படி வந்தது என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. ஆறு மாதம் கழித்தும் நிற்காமல் வகிடு அகன்றுகொண்டே போனால் இரும்புச் சத்துக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போக வேண்டும். அந்த ஆறு மாதக் கணக்கில் அவளுக்கு இப்போது நாலாவது மாதம் நடக்கிறது.