விலைக்குத் தரை உண்டா?

பங்கு விலை, நாணய விலை ஆகியவற்றின் வரைபடங்களை விளக்கும் நூல்களில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். விலை இறங்கிவந்து திரும்பும் இடம் ‘ஆதரவு மட்டம்’. ஏறிச்சென்று திரும்பும் இடம் ‘தடை மட்டம்’. பந்து தரையில் பட்டு எழும்புவது போல விலையும் எழும்பும் என்பார்கள். எத்தனை முறை எழும்பியதோ அத்தனை உறுதியானது அந்தத் தரை என்றும் சொல்வார்கள். இயற்பியல் படிக்கும் மாணவர் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். பந்தைத் திருப்பி அனுப்புவது தரையின் எதிர்விசை. விலையைத் திருப்பி அனுப்புவது எது?

இக்கேள்வியை முறையாக ஆராய்ந்தவர் கரோல் ஆஸ்லர் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர். 2000-இல் வெளிவந்த ஆய்வில், ஆறு நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்த மட்டங்களை அவர் எடுத்துக்கொண்டார். அவற்றோடு, குருட்டாம்போக்கில் தேர்ந்த மட்டங்களையும் ஒப்பிட்டார். நிறுவனங்கள் கூறிய மட்டங்களில் விலை திரும்புவது கூடுதலாகவே இருந்தது. ஆனால் குருட்டாம்போக்கு மட்டங்களிலும் பாதிக்கு மேற்பட்ட தடவை விலை திரும்பியது! ஆகவே ‘பத்தில் ஆறு முறை பலித்தது’ என்று ஒருவர் சொன்னால், அதில் பெரும்பகுதி எந்த மட்டத்துக்கும் கிடைக்கக்கூடியது என்று கொள்ளவேண்டும்.

மிச்சமுள்ள சிறு பகுதிக்குக் காரணம் என்ன? 2003-இல் வந்த அவரது அடுத்த ஆய்வு, ஒரு பெரிய வங்கியின் 9,600-க்கு மேற்பட்ட ஆர்டர்களைப் பரிசோதித்தது. ஆர்டர்கள் இருவகை. டாலரை 102 யென்னுக்கு விற்றவர், ‘100-க்கு வந்தால் திரும்ப வாங்கு’ என்று சொல்லிவைப்பது லாப ஆர்டர். 101-க்கு வாங்கியவர், ‘99.90-க்கு இறங்கினால் விற்றுவிடு’ என்று சொல்லிவைப்பது நட்டத்தடுப்பு ஆர்டர். மனிதர் முழு எண்ணில் நினைப்பவர். எனவே லாப ஆர்டர்கள் 100 போன்ற முழு எண்ணிலேயே குவிகின்றன. அந்த மட்டம் உடைந்தால்தான் தம் கணிப்பு தவறு என்று கருதுவோர், நட்டத்தடுப்பு ஆர்டரைச் சற்று அப்பால் வைக்கிறார்கள். முன்னது விலையைத் தடுக்கும்; பின்னது விழும் விலையை மேலும் தள்ளும்.

இனி ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 யென்னில் 8 கோடி டாலருக்கு வாங்கும் ஆர்டர்களும், 99.90-இல் 5 கோடிக்கு நட்டத்தடுப்பு ஆர்டர்களும் உள்ளன. முதலில் 3 கோடி டாலர் விற்பனைக்கு வருகிறது. வாங்கும் ஆர்டர்கள் அதை விழுங்க, விலை எழும்புகிறது; மிச்சம் 5 கோடி. மறுபடியும் 3 கோடி வருகிறது. மிச்சம் 2 கோடி. வரைபடம் பார்ப்பவர், “இருமுறை தாங்கியது, உறுதியான தரை” என்கிறார். மூன்றாம் முறை 3 கோடி வரும்போது தரை தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய ஒரு கோடி விலையை 99.90-க்கு இறக்க, அங்குள்ள 5 கோடியும் ஒன்றாக விற்பனைக்கு வருகிறது. விலை சரிகிறது. இடையில் புது ஆர்டர்கள் வந்திருந்தால் தரை நின்றிருக்கும். வந்தனவா என்பதை வரைபடம் காட்டாது. நூல்கள் சொல்லும் பந்து உவமை பிழைபடுவது இங்கேதான். பந்து பட்டதால் தரை கரைவதில்லை; ஆர்டர்கள் கரைகின்றன.

ஆர்டர்கள் தீராமலே தரை மறைவதும் உண்டு. 2011 செப்டம்பர் 6-இல் சுவிஸ் மத்திய வங்கி, யூரோவின் மதிப்பு 1.20 பிராங்கிற்குக் கீழே இறங்க விடமாட்டோம் என்றும், அதற்காக அளவின்றி அயல் நாணயம் வாங்குவோம் என்றும் அறிவித்தது. பிராங்கை வெளியிடுவதே அந்த வங்கி. எனவே அதன் வாங்கும் திறன் தீராது. மூன்றாண்டுக்கு மேல் அத்தரை நின்றது. பலர் அதை நம்பி யூரோ வாங்கி, சற்றுக் கீழே நட்டத்தடுப்பு வைத்திருந்தனர். 2015 ஜனவரி 15 காலை, வங்கி அந்த உறுதிமொழியை விலக்கிக்கொண்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு பிராங்கிற்கும் கீழே போயிற்று. நட்டத்தடுப்பு ஆர்டர் என்பது ‘அந்த விலைக்கு விற்பேன்’ என்ற உத்தரவாதம் அன்று. ‘அந்த விலை வந்தபின் கிடைத்த விலைக்கு விற்பேன்’ என்பதே. வாங்குவோர் இல்லாத இடத்தில் அது காக்கவில்லை. கட்டிய முன்பணத்துக்கு மேலும் பலர் கடன்பட்டனர். லண்டனில் இயங்கிய அல்பாரி என்ற தரகு நிறுவனம் மறுநாளே நொடித்தது.

ஆஸ்லரின் ஆய்வுக்கும் எல்லை உண்டு. அவர் கண்டது ஒரே வங்கியின் ஆர்டர்களை. ஏறத்தாழ எட்டு மாத காலத்துக்கு மட்டும். சந்தையின் முழு இருப்பு எவருக்கும் தெரியாது. ஆயினும் ‘தரை’ என்ற உவமைக்குப் பதிலாக எண்ணிப்பார்க்கக்கூடிய ஒரு பொருளை அவர் வைத்தார். அதனால் நாம் சரியான கேள்விகளைக் கேட்க முடிகிறது. இந்த மட்டத்தில் வாங்குபவர் யார்? அவர் எவ்வளவு வாங்குவார்? அவர் மனம் மாறினால் அடுத்து வாங்குபவர் எங்கே இருக்கிறார்? இவற்றுக்கு விடை கூறாமல், “மூன்று முறை தொட்டுத் திரும்பியது” என்று மட்டும் சொல்லும் நூலை நீங்கள் ஐயத்துடனே படிக்கவேண்டும்.