பூட்டிய வீட்டுக்கும் ஒரு வரி

ஆய்வுக் கட்டுரையில் பலரும் தாண்டிப் போகும் பகுதி செய்முறைதான். நன்றாக எழுதப்பட்ட செய்முறையைப் படிப்பதில் தனிச் சுகம் உண்டு. ஓர் ஊரின் ரத்த அழுத்தக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். ‘வீடுகள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டன’ என்பதோடு நிற்காமல், பூட்டியிருந்த வீட்டுக்கு மாலையிலும் ஞாயிறன்றும் மறுபடி போனார்கள், பக்கத்து வீட்டை மாற்றாக எடுக்கவில்லை என்று எழுதும்போது ஆய்வின் முகமே தெளிகிறது. பகலில் வீட்டிலிருப்பவர்களில் முதியவர்கள் அதிகம். அவர்களை மட்டும் அளந்தால் ஊரின் அழுத்தமே ஏறிவிட்டதாகத் தோன்றும். கருவியின் பெயரோடு, கையில் சுற்றும் பட்டையின் அளவையும் சொல்ல வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டை சுற்றினால் அளவு கூடுதலாகவே காட்டும். ஐந்து நிமிடம் அமரவைத்து, மூன்று முறை அளந்து, முதலாவதை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியை எடுத்தார்கள் என்ற வாக்கியத்தில் எவ்வளவு பொறுமை இருக்கிறது!

இவ்வளவு விவரத்துக்கு இதழில் இடமேது என்பார்கள். நியாயம்தான், ஆனால் அதற்குப் பின்னிணைப்பு இருக்கிறது. திறமையான ஆய்வாளருக்கு இதெல்லாம் தெரியாதா என்றும் கேட்பார்கள். 140/90-ஐ எல்லையாக வைப்பது தெரியும்தான். மாத்திரையால் 130-க்கு இறங்கியவரை நோயாளியாகச் சேர்த்தார்களா, விட்டார்களா என்பதை எந்தத் திறமையாலும் ஊகிக்க முடியாது. சேர்த்தால் ஒரு விழுக்காடு, விட்டால் வேறொன்று. அந்த ஒற்றை வரியை மறக்காமல் எழுதிவைத்தவர்மீது மரியாதை பிறக்கிறது.