77-வது நிமிடமும் டென்னிஸ் பந்துகளும்

2016 பிப்ரவரி 6 அன்று ஆன்ஃபீல்டில் சண்டர்லேண்டுக்கு எதிராக லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் 77-வது நிமிடத்தைத் தொட்டதும் ரசிகர்கள் கூட்டம் கூட்டமாக எழுந்து வெளியேறினார்கள். பத்தாயிரம் பேர் இருக்கும் என்றார்கள். மீதி நேரத்தில் சண்டர்லேண்ட் இரண்டு கோல் போட்டு ஆட்டத்தை டிரா செய்தது. ரசிகர்கள் போனதற்கும் அந்த கோல்களுக்கும் முடிச்சுப் போடுவது நியாயமில்லை என்றாலும், அன்று அந்த முடிச்சைப் போடாதவர்கள் குறைவு.

அந்த நிமிடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருந்தது. புதிதாக விரிவுபடுத்தப்பட்டுவந்த மெயின் ஸ்டாண்டில் அடுத்த சீசனிலிருந்து ஓர் ஆட்டத்துக்கு அதிகபட்ச டிக்கெட் 77 பவுண்டு என்று கிளப் அறிவித்திருந்தது. அதுவரை உச்ச விலை 59 பவுண்டுதான். சீசன் டிக்கெட்டும் முதல்முறையாக 1,000 பவுண்டைத் தாண்டியது. அதே சமயத்தில்தான் பிரீமியர் லீக், மூன்று ஆண்டு உள்நாட்டு ஒளிபரப்பு உரிமையை 500 கோடி பவுண்டுக்கு மேல் விற்றிருந்தது. டிவி பணம் கொட்டும்போது எங்கள் சட்டைப் பையில் ஏன் கை வைக்கிறீர்கள் என்பதே ரசிகர்களின் கேள்வி.

நான்கே நாளில் அமெரிக்க உரிமையாளர்களான ஃபென்வே குழுமம் மன்னிப்புக் கேட்டது. 77 பவுண்டு டிக்கெட் கைவிடப்பட்டது, இரண்டு சீசன்களுக்கு விலை உயராது என்ற உறுதியும் வந்தது. இதை ரசிகர்களின் வெற்றி என்று எழுதினார்கள். வெற்றிதான். ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலையைப் பாருங்கள்: சொந்த அணி ஜெயித்துக்கொண்டிருக்கும்போது அதை விட்டுவிட்டு வெளியே போக வேண்டியிருந்தது. விலை நிர்ணயிக்கப்பட்ட மேசையில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. உரிமையாளர் மனம் மாறினால் உண்டு, மாறாவிட்டால் இல்லை.

ஜெர்மனியில் மேசையே வேறு மாதிரி போடப்பட்டிருக்கிறது. அங்கே கிளப்புகள் அடிப்படையில் உறுப்பினர் சங்கங்கள். தொழில்முறை அணியைத் தனி நிறுவனமாகப் பிரிக்க 1998-ல் அனுமதி கிடைத்தபோது கூடவே ஒரு கடிவாளமும் வந்தது. அதுதான் ‘50+1’ விதி. முதலீட்டாளர் எவ்வளவு பணம் போட்டாலும், அந்த நிறுவனத்தின் ஓட்டுகளில் பாதிக்கு மேல் தாய்ச் சங்கத்திடம்தான் இருக்க வேண்டும். சங்கத்தில் ஓர் உறுப்பினருக்கு ஓர் ஓட்டு. பேயர்ன் மியூனிக்கில் அடிடாஸ், ஆடி, அலையன்ஸ் ஆகிய மூன்று பெரும் நிறுவனங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் மூன்றையும் கூட்டினாலும் கால் பங்குதான்.

இதை வைத்து, உறுப்பினர்கள் கையைத் தூக்கி டிக்கெட் விலையை முடிவு செய்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. விலையை நிர்வாகம்தான் போடுகிறது. ஆனால் சங்கத்தின் தலைவர் பொதுக்குழுவில் அந்த உறுப்பினர்கள் முன்னால்தான் நிற்க வேண்டும், அவர்களிடம்தான் ஓட்டுக் கேட்க வேண்டும். அந்த ஒரு நாள் கூச்சலை நினைத்தே பல யோசனைகள் மேசைக்கு வராமல் போய்விடும். பேயர்னின் ஊலி ஹோனெஸ் ஒருமுறை இதற்கு வியாபாரக் கணக்கே சொன்னார். நின்று பார்க்கும் சீசன் டிக்கெட்டின் விலையை மூன்று மடங்காக்கினால் கூடுதலாக 20 லட்சம் பவுண்டு கிடைக்கும். ஒரு வீரரை வாங்கும் பேரத்தில் அந்தத் தொகையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவோம், ஆனால் ரசிகனுக்கு அந்த வித்தியாசம் பெரிது என்பது அவர் வாதம்.

எண்ணிக்கையில் பார்த்தால், 2010-களின் நடுவில் பேயர்னின் மலிவான சீசன் டிக்கெட் சுமார் 140 யூரோ. சொந்த மைதானத்தில் நடக்கும் 17 லீக் ஆட்டங்களுக்கு வகுத்தால் ஓர் ஆட்டம் எட்டு யூரோ சொச்சம். அதே காலத்தில், அமெரிக்கக் கோடீஸ்வரர் ஸ்டான் குரோங்கே பெரும்பான்மைப் பங்கை வைத்திருந்த ஆர்சனலில் மலிவான சீசன் டிக்கெட்டே 1,014 பவுண்டு. கோப்பை ஆட்டங்கள் சிலவும் அதில் சேர்த்தி என்பதைக் கழித்தாலும் ஓர் ஆட்டம் 40 பவுண்டுக்குப் பக்கத்தில் வரும். இந்த இடைவெளி முழுவதையும் உரிமையாளர் தலையில் கட்ட முடியாது. ஹில்ஸ்பரோ விபத்துக்குப் பிறகு இங்கிலாந்தின் மேல்நிலை மைதானங்களில் நின்று பார்க்கும் பகுதிகள் மூடப்பட்டன. ஜெர்மனியில் அவை இன்றும் இருக்கின்றன. டார்ட்முண்டின் தெற்கு ஸ்டாண்டில் மட்டும் சுமார் 25,000 பேர் நிற்கலாம். அந்த இடங்கள்தான் மலிவு விலையின் அஸ்திவாரம். அவற்றை நாற்காலிகளாக மாற்றி விலையேற்ற ஜெர்மன் கிளப்புகளுக்கு ஆசை இல்லாமல் இருந்திருக்காது. பொதுக்குழுவை மீறி அதைச் செய்யும் துணிச்சல்தான் வரவில்லை.

விதி இருந்தால் போதுமா? 2023 டிசம்பரில் ஜெர்மன் லீக், ஒளிபரப்பு வருமானத்தில் ஒரு பங்கை 20 ஆண்டுகளுக்கு வெளி முதலீட்டாளரிடம் விற்க ஓட்டெடுப்பு நடத்தியது. 36 கிளப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 ஓட்டு தேவை. கிடைத்ததும் சரியாக 24. ஹானோவர் சங்கம் தன் பிரதிநிதி மார்ட்டின் கிண்டை எதிர்த்து ஓட்டுப்போடச் சொல்லியிருந்தது. ஓட்டெடுப்பு ரகசியம். எதிர்த்ததாகப் பகிரங்கமாகச் சொன்ன கிளப்புகளை எண்ணிப் பார்த்தவர்கள், கிண்ட் ஆதரித்துத்தான் போட்டிருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். உறுப்பினர்களின் கட்டளையை ஒரு மூடிய பெட்டிக்குள் மீற முடியும் என்றால் 50+1 வெறும் காகிதம் என்ற கோபம் ஸ்டாண்டுகளில் பரவியது. மைதானங்களில் டென்னிஸ் பந்துகள் மழையாக விழுந்தன. தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் நாணயங்கள் பறந்தன, புகை கக்கும் ரிமோட் கார்கள்கூட ஓடின. ஆட்டங்கள் நிமிடக்கணக்கில் நின்றன. 2024 பிப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஆக, ஓட்டு இருக்கிற ஊரிலும் கடைசியில் ஸ்டாண்டுக்குத்தான் வர வேண்டியிருந்தது.

ரசிகர் உடைமை என்றாலே சிக்கனமும் மலிவும் என்று நம்புகிறவர்கள் ஸ்பெயின் பக்கம் திரும்ப வேண்டும். ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் உறுப்பினர்களின் சொத்துதான். ஆனால் அங்கே உறுப்பினர் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது தலைவரை. தலைவர் பதவிக்குப் போட்டி என்றால் வாக்குறுதி. 2000-ல் ரியல் மாட்ரிட் தேர்தலில் ஃப்ளோரெண்டினோ பெரெஸ், பார்சிலோனாவிலிருந்து ஃபிகோவைக் கொண்டுவருவேன், வராவிட்டால் உறுப்பினர்களின் சந்தாவை நானே கட்டுகிறேன் என்று சொல்லி ஜெயித்தார். ஃபிகோ வந்தார். பார்சிலோனாவோ 2021-ல் சுமார் 135 கோடி யூரோ கடனில் மூழ்கி மெஸ்ஸியையே தக்கவைக்க முடியாமல் போனது. அதே ஆண்டு சூப்பர் லீக் என்ற பணக்காரத் தனிப் போட்டியில் சேரக் கையெழுத்திட்ட 12 கிளப்புகளில் இந்த இரண்டும் உண்டு. ஜெர்மன் கிளப் ஒன்றுகூட இல்லை.

எனவே நான் பார்க்கும் அளவுகோல், பங்குப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதல்ல. தேர்தல்களுக்கு இடையில் ஒரு தவறான முடிவை உறுப்பினரால் தடுக்க முடியுமா என்பதுதான். செல்சியில் இதற்கு விசித்திரமான ஓர் உதாரணம் உண்டு. கிளப் அப்போது அப்ரமோவிச்சுடையது, ஆனால் மைதானத்தின் நிலம் ரசிகர்கள் பங்கு வைத்திருக்கும் ஓர் அமைப்பின் கையில். 2011-ல் அவர் அந்த நிலத்தைத் திரும்ப வாங்க முயன்றபோது 75 சதவீத ஓட்டு தேவைப்பட்டது, 60 சதவீதத்தை ஒட்டித்தான் கிடைத்தது. பணத்துக்குக் குறைவே இல்லாத மனிதருக்கு அந்த நிலம் மட்டும் கிடைக்கவில்லை.

மறுபக்கமும் உண்டு. 50+1-ஆல் பெரிய முதலீடு உள்ளே வராததால், ஏற்கெனவே பணமுள்ள பேயர்ன் 2013 முதல் தொடர்ந்து 11 முறை பட்டம் வென்றது என்ற குற்றச்சாட்டைச் சும்மா தள்ளிவிட முடியாது. அந்தத் தொடரை 2024-ல் உடைத்த லெவர்குசன், மருந்து நிறுவனமான பேயருக்குச் சொந்தமானது. 50+1-லிருந்து விதிவிலக்கு பெற்ற கிளப். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தை 2013-ல் திவாலிலிருந்து மீட்டு நான்கு ஆண்டு நடத்தியவர்கள் ரசிகர்களே. மேல் டிவிஷனுக்கு ஏறவும், பழைய மைதானத்தைச் சரிசெய்யவும் தங்களிடம் பணம் போதாது என்று தெரிந்ததும், 2017-ல் அவர்களே பெரும்பான்மையாக ஓட்டுப்போட்டு டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஐஸ்னரிடம் கிளப்பை விற்றார்கள்.