மூடியில் ஒரு மெல்லிய கீல்

தக்காளி சாஸ் பாட்டிலின் மூடியைத் திறந்து பாருங்கள். மேல்மூடியும் அடிப்பகுதியும் ஒரே வார்ப்பு. இரண்டையும் இணைப்பது சுமார் 0.3 மி.மீ. தடிமனுள்ள பாலிப்ரொப்பிலீன் பட்டைதான். மிகத் தடித்தால் மடிப்பின் வெளிப்புறம் அளவுமீறி இழுபட்டு வெளுக்கும், விரிசல் விடும். மிக மெலிந்தால் உருகிய பிளாஸ்டிக் அதைக் கடந்து மறுபாதி அச்சை நிரப்பாது.

நுட்பம் அந்த ஓட்டத்தில் இருக்கிறது. உருகல் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் புகுந்து, மடிப்புக் கோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். அப்போது மூலக்கூறுச் சங்கிலிகளும் கீலின் குறுக்கே பாலம்போல் நீள்கின்றன. இரு பக்கமும் புகவிட்டால் ஓட்டங்கள் பட்டையிலேயே சந்தித்து ஒட்டுக்கோடு விழலாம். கீல் முறிவது அங்கேதான்.

அச்சிலிருந்து எடுத்த சூட்டோடு சில தடவை மடித்துவிட்டால் சங்கிலிகள் இன்னும் சீராக நீளும். அப்படிப் பழக்கிய கீல் பல்லாயிரம் மடிப்புகளைத் தாங்கும்.