வயதுக்கு ஏற்ற வேகம்: ஏஜ் கிரேடிங் கணிப்பானைப் பயன்படுத்திப் பார்த்தேன்

அயனம்பாக்கத்தில் என்னோடு ஓடுபவர்களில் நாற்பதைத் தாண்டியவர்களே அதிகம். 'முன்னே மாதிரி ஓட முடியலையே' என்ற பேச்சு வராத வாரமில்லை. அது உண்மைதானா என்று பார்க்க, ஹோவர்ட் கிரப் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் ஏஜ் கிரேடிங் கணிப்பானைச் சில மாதங்களாகப் பயன்படுத்துகிறேன்.

வயது, பாலினம், தூரம், ஓடிய நேரம் ஆகியவற்றைத் தந்தால் ஒரு சதவீதம் வரும். ஒவ்வொரு வயதிலும் உலகில் பதிவான மிகச் சிறந்த ஓட்டங்களை வைத்து அந்த வயதுக்கான தர நேரத்தைக் கணக்கிட்டு, அட்டவணையாக வைத்திருக்கிறார்கள். அந்தத் தர நேரத்தை நம் நேரத்தால் வகுத்தால் கிடைப்பதே இந்தச் சதவீதம். 2004இல் டொரண்டோ மாரத்தானை 73 வயது எட் விட்லாக் 2 மணி 54 நிமிடத்தில் முடித்தார். அன்றைய அட்டவணைப்படி அது ஓர் இளைஞர் சுமார் 2 மணி 4 நிமிடத்தில் முடிப்பதற்குச் சமம். கிட்டத்தட்ட நூறு சதவீதம்!

என் கணக்கைச் சொல்கிறேன். 42 வயதில் 10 கிலோமீட்டரை 50 நிமிடத்தில் ஓடினேன். அந்த வயது ஆணுக்குத் தர நேரம் சுமார் 28 நிமிடம். ஆக, 56 சதவீதம். இப்போது 52 வயதில் 55 நிமிடம் ஆகிறது. தர நேரமும் சுமார் முப்பதரை நிமிடமாகிவிட்டதால், 55.5 சதவீதம். கடிகாரம் ஐந்து நிமிடம் இழந்ததாகச் சொன்னாலும், நான் இழந்தது அரை சதவீதம்தான். எங்களோடு ஓடும் அறுபது வயது அக்கா 65 நிமிடம் எடுக்கிறார். அவருக்கு 58 சதவீதம் வருகிறது. எங்களில் சிறந்த ஓட்டம் அவருடையதே.

இலக்கு வைக்கவும் இதே கணக்கைத் திருப்பிப் போடலாம். பழைய 50 நிமிடத்தை மீண்டும் எட்ட எனக்கு 61 சதவீதம் வேண்டும். அதாவது, என் வாழ்நாளில் ஓடாத தரத்தில் ஓட வேண்டும். பழைய 56 சதவீதத்தை மீட்பதென்றால் 54 நிமிடம் 30 விநாடி போதும். ஒரு பருவப் பயிற்சிக்கு அதுதான் நியாயமான இலக்கு. அடுத்த ஆண்டுக்கு 57 என்று வைக்கலாம்.

ஆனால் கணிப்பானுக்கு வெயில் தெரியாது. மே மாதப் புழுக்கத்தில் ஓடியதை ஜனவரி சென்னை மாரத்தான் நேரத்தோடு ஒப்பிட்டால், உடம்பு தளர்ந்துவிட்டதாகத் தப்பாகத் தோன்றும். ஒரே பருவத்து ஓட்டங்களையே ஒப்பிடுங்கள். தூரமும் சரியாக இருக்க வேண்டும். கைக்கடிகாரம் 9.8 கிலோமீட்டரைப் பத்து என்று காட்டினால், என் கணக்கில் ஒரு சதவீதத்துக்கு மேல் பொய்யாக ஏறிவிடும். அளந்து சான்றளித்த பந்தயப் பாதையில் ஓடிய நேரத்தை மட்டுமே இதில் போடுகிறேன். அட்டவணையைச் சில ஆண்டுகளுக்கொரு முறை திருத்துகிறார்கள் என்பதால், பழைய நேரத்தையும் புதிய நேரத்தையும் ஒரே பதிப்பில் போட்டுப் பார்ப்பது அவசியம்.