படம் பார்த்துச் சொல்வது

தேர்ந்த ஜிம் பயிற்சியாளர் ஒருவரிடம் பயிற்சிக்கு வரும் ஒருவரின் ஜனவரிப் படத்தையும் மே மாதப் படத்தையும் கொடுத்துப் பாருங்கள். வயிற்றை அல்ல, முதலில் பின்னாலிருக்கும் சுவரைத்தான் பார்ப்பார். கதவு நிலை இரண்டிலும் ஒரே அளவில் தெரிகிறதா, வெளிச்சம் ஒரே பக்கமிருந்து விழுகிறதா? தலைக்கு மேல் எரியும் விளக்கு மங்கலான தசைக்கோட்டையும் ஆழமாக்கிக் காட்டிவிடும்.

அடுத்து, பக்கவாட்டுப் படத்தில் கால்சட்டையின் இடுப்புப் பட்டி. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஜனவரியில் பட்டி முன்பக்கம் சரிந்து, மே மாதத்தில் கிடைமட்டமாக இருந்தால், படத்திலிருப்பவர் நின்ற விதமே மாறியிருக்கிறது. வயிறு உள்ளே போனதுபோல் தெரிவதில் அதற்கும் பங்குண்டு. கொழுப்பு கரைந்தது என்று உடனே எழுதிவிட முடியாது.

பிறகுதான் குறிப்பு: “கைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி அகன்றிருக்கிறது. தோள்முனை முன்பைவிட உருண்டிருக்கிறது. தொடையில் மாற்றம் தெரியவில்லை.” சபாஷும் இல்லை, ‘இன்னும் கொஞ்சம்’ என்ற இழுப்பும் இல்லை. எத்தனை அங்குலம் என்று கேட்டால் அளவு நாடாவை எடுத்து நீட்டுவார்.